பதிவேட்டில் விழுந்தவையும் விழாதவையும்: வில்லங்கச் சான்றை வாசிக்கும் முறை

1. சான்று எதிலிருந்து எடுக்கப்படுகிறது

வில்லங்கச் சான்று என்பது ஒரு தேடலின் முடிவு. குறிப்பிட்ட சொத்தைப் பற்றி, குறிப்பிட்ட காலத்துக்குள், ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் என்னென்ன பத்திரங்கள் பதிவாயின என்பதை அது வரிசையாகச் சொல்கிறது. அதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. இந்த எல்லையை மனத்தில் வைத்துப் படித்தால் அது மிகவும் பயனுள்ள ஆவணம். மறந்து படித்தால் ஆபத்தான ஆவணம்.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, பதிவு அலுவலகங்களில் வைக்க வேண்டிய புத்தகங்களை வகுக்கிறது. அசையாச் சொத்து பற்றிய பத்திரங்கள், உயில் நீங்கலாக, முதல் புத்தகத்தில் ஏறும். உயிலும் தத்தெடுக்கும் அதிகாரமும் மூன்றாம் புத்தகத்துக்குப் போகும். அசையாச் சொத்தைச் சாராத இதர பத்திரங்களுக்கு நான்காம் புத்தகம். முதல் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: ஒன்று எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களின்படி அமைந்தது, மற்றது சொத்தின்படி அமைந்தது. வில்லங்கச் சான்று இந்த அட்டவணைகளின் வழியே முதல் புத்தகத்தைத் தேடி எடுத்தது. முதல் புத்தகத்தில் ஏறாத எதுவும் சான்றில் வராது.

57-ஆம் பிரிவின்படி இந்தப் புத்தகமும் அட்டவணைகளும் கட்டணம் செலுத்தும் எவருக்கும் திறந்தவை. சொத்தின் உரிமையாளர் மட்டுமே வில்லங்கம் போட முடியும் என்ற எண்ணம் தவறு. வாங்கப்போகிறவர் விற்பவர் கொடுக்கும் நகலை நம்பியிருக்க வேண்டியதில்லை. தாமே மனுச் செய்யலாம், அதுவே சரி. பதிவுகள் இருந்தால் சான்று 15-ஆம் படிவத்திலும், எதுவும் இல்லையென்றால் 16-ஆம் படிவத்திலும் வரும். பின்னதைத்தான் ‘நில் ஈ.சி.’ என்கிறார்கள்.

2. இரண்டு நம்பிக்கைகள்

இந்தச் சான்றைப் பற்றிப் பொதுவில் இரண்டு கருத்துகள் உலவுகின்றன. மனை வாங்குவோரிடம் இருப்பது முதலாவது: வில்லங்கம் சுத்தமாக இருந்தால் சொத்து சுத்தம். அனுபவம் மிக்க ஆவண எழுத்தர்களிடமும் சில வழக்கறிஞர்களிடமும் கேட்பது இரண்டாவது: ஈ.சி. வெறும் பட்டியல், மூலப்பத்திரங்களைப் படிப்பதுதான் வேலை.

முதல் கருத்துக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. பதிவு அலுவலர் சரிபார்ப்பது பத்திரம் முறையாக எழுதப்பட்டு, உரியவரால் தாக்கல் செய்யப்பட்டு, எழுதிக் கொடுத்தவரால் ஒப்புக்கொள்ளப்பட்டதா என்பதைத்தான். எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருந்ததா என்று தீர்ப்பது அவர் வேலை அல்ல. தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட 55-ஏ விதி, முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று வைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்விதியின் முதல் உட்பிரிவைச் செல்லாது என்றது. எழுதிக் கொடுப்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரத்தைச் சட்டம் பதிவு அலுவலருக்குத் தரவில்லை என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. ஆகவே சொத்தில் எந்த உரிமையும் இல்லாத ஒருவர் எழுதிய கிரையமும் முதல் புத்தகத்தில் ஏற முடியும். ஏறினால் மற்றப் பதிவுகளைப் போலவே சான்றிலும் வரும்.

இரண்டாம் கருத்து உண்மைக்கு அருகில் இருக்கிறது, ஆனால் ஒன்றைக் குறைத்து மதிப்பிடுகிறது. மூலப்பத்திரங்கள் விற்பவர் கையில் உள்ளவை. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது அவர் விருப்பம். சான்று மட்டுமே அவரிடமிருந்து வராத சாட்சி. பத்திரக் கட்டில் இல்லாத ஒரு பத்திரம் இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது அதுதான். பத்திரங்களை அடுக்கி வைத்துக்கொண்டு அவற்றுக்கு எதிராகச் சான்றின் ஒவ்வொரு வரியையும் நிறுத்திப் பார்க்கும்போதுதான் இரண்டும் பேசத் தொடங்குகின்றன.

3. ஒரு பதிவு வரிசை

விளக்கத்துக்காக அமைத்த ஒரு மனையை எடுத்துக்கொள்ளலாம். கிராமப் புல எண் 112/3, பரப்பு 1 ஏக்கர் 20 சென்ட். இன்று விற்பனைக்கு வந்திருப்பது அதில் பிரிந்த மனை எண் 7, பரப்பு 2,400 சதுர அடி. 1975 முதல் இன்றுவரை எடுத்த சான்றில் இந்த மனையைத் தொடும் பதிவுகள் இவை:

1978-இல் கிரையம். புலம் முழுவதையும் ஒருவர் வாங்குகிறார். முந்தைய ஆவணம் என்ற இடத்தில் 1949-ஆம் ஆண்டுப் பத்திர எண் இருக்கிறது. 1986-இல் சுவாதீனமில்லாத அடமானம். வாங்கியவர் ஒரு கூட்டுறவு வங்கிக்கு 12,000 ரூபாய்க்கு எழுதித் தருகிறார். 1995-இல் பாகப்பிரிவினை, அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் எழுதிக்கொள்கிறார்கள். மூத்த மகனுக்கு 60 சென்ட், இளையவருக்கு 60 சென்ட். 2006-இல் கிரையம்; மூத்த மகனின் சார்பில் முகவர் ஒருவர் மனை 7-ஐ விற்கிறார், புல எண் இப்போது 112/3ஏ. 2013-இல் உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு, வங்கிக் கடன் 15 லட்சம். 2019-இல் ரசீது. 2021-இல் மனை 7-ஐ வாங்கியவர் தம் மனைவி பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதுகிறார். அந்த மனைவிதான் இன்றைய விற்பனையாளர்.

மேலோட்டமாகப் பார்த்தால் குறை தெரியாது. கைமாறிய வரிசை தொடர்ச்சியாக இருக்கிறது, வங்கிக் கடன் அடைந்திருக்கிறது. ஆனால் ஏழு வரிகளில் நான்கு இடங்களில் நின்று கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

4. அடையாத அடமானமா, பதியாத ரசீதா

2013 ஒப்படைப்பும் 2019 ரசீதும் ஒரு ஜோடி. ரசீதின் முந்தைய ஆவண எண் என்ற கட்டத்தில் 2013 பத்திரத்தின் எண் இருந்தால் ஜோடி பொருந்துகிறது. இந்தக் கட்டத்தைப் பலர் படிப்பதில்லை. ஒரே வங்கியில் இரண்டு கடன் வாங்கியவர் ஒன்றுக்கு மட்டும் ரசீது பதிந்திருந்தால், எண்ணைப் பார்க்காதவருக்கு இரண்டும் அடைந்ததுபோலத் தெரியும்.

1986 அடமானத்துக்கு ஜோடி இல்லை. இதனால் கடன் நிற்கிறது என்று முடிவுகட்ட முடியாது. அடமானப் பத்திரத்தின் முதுகிலேயே பணம் பெற்றதாக எழுதிக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அப்படிப்பட்ட வரவுக் குறிப்பைப் பதிய வேண்டியதில்லை என்று 17-ஆம் பிரிவே விலக்களிக்கிறது. கடன் அடைந்திருக்கலாம், முதல் புத்தகத்துக்குச் செய்தி வராமல் போயிருக்கலாம். காலவரையறைச் சட்டமும் துணைக்கு வருகிறது: அடமானத்தால் பிணைக்கப்பட்ட பணத்தைக் கேட்டு வழக்குப் போடப் பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து 12 ஆண்டுகள்தான் அவகாசம்.

ஆனால் இடையில் ஒரு பகுதித் தொகை கட்டியிருந்தாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ அந்தக் காலம் புதிதாக ஓடத் தொடங்கும். வங்கி வழக்குப் போட்டு அதற்குள் உத்தரவு பெற்றிருக்கவும் கூடும். எனவே முதுகில் வரவு எழுதிய அசல் அடமானப் பத்திரம் வேண்டும், அல்லது அந்தக் கூட்டுறவு வங்கியிடமிருந்து கடன் நிலுவை இல்லை என்ற கடிதம் வேண்டும். வங்கிகளின் சட்ட ஆலோசகர்கள் இதை வலியுறுத்துவது வெறும் சம்பிரதாயம் அல்ல.

மறுபக்கமும் உண்டு. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58(எஃப்) பிரிவின்படி அசல் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்தாலே அடமானம் உருவாகிவிடும். அதற்கென்று தனிப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. 2012-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் ஒப்படைப்பைச் சான்றளிக்கும் ஒப்பந்தப் பத்திரத்தைக் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒப்படைக்கப்பட்டவை பல சான்றில் இல்லை. அசல் பத்திரம் விற்பவர் கையில் இருக்கிறதா என்று பார்ப்பதே இங்கே சோதனை. அசல் தொலைந்துவிட்டது என்று நகல் பத்திரம் காட்டப்பட்டால், 2011 முதல் இயங்கும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்திலும் தேட வேண்டும். வங்கிகள் தங்கள் பிணையங்களை அங்கே பதிகின்றன.

5. பாகப்பிரிவினையில் இல்லாத பெயர்

1978-இல் வாங்கியவரின் இறப்பு சான்றில் எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது. இறப்பால் சொத்து வாரிசுகளுக்குப் போவதற்குப் பத்திரம் தேவையில்லை, ஆகவே பதிவும் இல்லை. 1986-இல் எழுதிக் கொடுப்பவராக இருந்தவர் 1995-இல் காணாமல் போய், மனைவியும் மக்களும் அந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதிலிருந்து இறப்பை ஊகிக்கிறோம். வில்லங்கச் சான்றில் இப்படிக் கண்ணி விட்டுப்போகும் இடங்கள் எல்லாம் வாரிசு நுழைந்த இடங்கள் என்று முதலில் சந்தேகிப்பது நல்லது.

அவருக்கு ஒரு மகளும் இருந்தார் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் பெரிது. சொத்து அவர் தம் பணத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகச் சேரும். அவருடைய தாயார் உயிருடன் இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. மகளின் உரிமை இங்கே 1989 அல்லது 2005 திருத்தங்களைச் சார்ந்ததுகூட அல்ல. 1956 முதலே உள்ளது. மகள் கையெழுத்திடாத பாகப்பிரிவினை அவர் பங்கை அழிக்காது. மூத்த மகன் 60 சென்ட்டை முழுமையாகத் தம்முடையதென்று விற்றாலும், மகளின் பங்கு அந்த மனைகளின் மேல் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். நெடுங்காலம் கடந்துவிட்டது என்ற வாதம் எதிர்த்தரப்புக்கு உண்டு. அதை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும், தானாக நிறைவேறிவிடாது.

சான்று இதைச் சொல்லாது. எழுதிக்கொண்டவர்களின் பெயர்களைத் தரும், விடுபட்டவரின் பெயரைத் தராது. வட்டாட்சியர் அலுவலகத்து வாரிசுச் சான்றைப் பாகப்பிரிவினையின் பெயர்ப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பட்டியலில் இல்லாத மகள் பிற்பாடு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அது அதே புல எண்ணில் தனிப் பதிவாகத் தெரியும். இந்த வரிசையில் அப்படி ஒரு வரி இல்லை.

6. முகவர் விற்ற மனை

2006 கிரையத்தில் எழுதிக் கொடுத்தவர் இடத்தில் மூத்த மகன் முதல்வர், வேறொருவர் முகவர் என்று இருக்கிறது. ஆனால் அவருக்கு அதிகாரம் தந்த பவர் பத்திரம் சான்றில் இல்லை. அது மோசடிக்கு அடையாளமா? அந்தக் காலத்தில் பொது அதிகாரப் பத்திரங்கள் பெரும்பாலும் நான்காம் புத்தகத்தில் பதிவாயின. சொத்து பற்றிய பவர்களை முதல் புத்தகத்தில் ஏற்றும் நடைமுறை பின்னர் வந்தது. ஆகவே பழைய கிரையங்களில் பவர் தெரியாமல் இருப்பது இயல்பு.

இயல்பு என்பதால் பாதுகாப்பு ஆகிவிடாது. நான்காம் புத்தகப் பதிவின் நகலை 57-ஆம் பிரிவு எல்லோருக்கும் தருவதில்லை. பத்திரத்தை எழுதியவர், அதன்கீழ் உரிமை கோருபவர், அவர்களுடைய பிரதிநிதி மட்டுமே பெறலாம். இன்று வாங்குபவர் தாமாகப் போய்க் கேட்க முடியாது, விற்பவரின் வழியே பெற வேண்டும். அந்த நகலில் இரண்டு விஷயங்கள் முக்கியம்: விற்கவும் தொகை பெறவும் அதிகாரம் தந்திருக்கிறதா, 2006 கிரையத்துக்கு முன்பு அது ரத்தானதா. அடுத்து, கிரையம் எழுதிய நாளில் முதல்வர் உயிருடன் இருந்தாரா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி முதல்வரின் இறப்போடு முகவரின் அதிகாரம் முடிகிறது. இறந்தவர் பேரில் பவர் காட்டி விற்ற மனைகள் தமிழ்நாட்டு உரிமையியல் வழக்குகளில் அடிக்கடி வருவதற்குக் காரணம், அந்த இறப்பைப் பதிவேடு அறியாது என்பதே.

7. பரப்பைக் கூட்டிப் பார்த்தல்

சான்று தரும் செய்திகளில் மிகக் குறைவாகப் பயன்படுவது, சொத்து விவரத்தில் உள்ள பரப்பும் எல்லைகளும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூத்த மகனின் 60 சென்ட் 26,136 சதுர அடி. மனை 7-க்கு மட்டும் தேடாமல் 112/3ஏ முழுவதற்கும் வில்லங்கம் போட்டால், 2005 முதல் 2012 வரை 2,400 சதுர அடி வீதம் பதினொரு மனைகள் விற்கப்பட்டிருப்பது தெரியவருகிறது என்று கொள்வோம். கூட்டினால் 26,400 சதுர அடி. இருந்த நிலத்தைவிட 264 சதுர அடி அதிகம். மனைப்பிரிவுக்குள் சாலையும் இருந்தாக வேண்டும் என்பதால் உண்மையான பற்றாக்குறை இதைவிடப் பல மடங்கு.

எங்கே இடிக்கிறது என்பதை எல்லைகள் சொல்கின்றன. 2006 கிரையத்தில் மனை 7-க்கு வடக்கே 20 அடி சாலை. 2009-இல் பதிவான மனை 11-இன் கிரையத்தில், அதற்குத் தெற்கே மனை 7. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. மனை 7-க்கு வடக்கே சாலை இருந்தால் மனை 11-க்குத் தெற்கில் அந்தச் சாலைதான் எல்லையாக வர வேண்டும். முகவர் சாலையையே மனையாக்கி விற்றிருக்கிறார். மனை 7-ஐ வாங்குபவருக்குப் பத்திரம் இருக்கும், பட்டாவும் கிடைக்கலாம், வண்டி போக வழி இருக்காது.

மனை எண்ணைக் கொடுத்துத் தேடுவோர் இதைக் காணவே மாட்டார்கள். தேடலைச் சுருக்குவது சான்றை இரண்டு பக்கமாக்கும். முரண்பாட்டையும் வெளியே தள்ளிவிடும். தாய்ப் புல எண்ணில் எடுத்த சான்று நீளமாக இருக்கும், படிக்க ஒரு பகல் பிடிக்கலாம். அந்தப் பகலைச் செலவிடுவதுதான் வாங்குபவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை.

8. மூன்று தேதிகள்

ஒவ்வொரு பதிவிலும் எழுதிக் கொடுத்த நாள், தாக்கல் செய்த நாள், பதிவான நாள் என்று மூன்று தேதிகள் உண்டு. பெரும்பாலும் மூன்றும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ இருக்கும். விலகியிருந்தால் காரணம் தேட வேண்டும். 23-ஆம் பிரிவு பத்திரத்தைத் தாக்கல் செய்ய, எழுதிய நாளிலிருந்து நான்கு மாதம் தருகிறது. 25-ஆம் பிரிவு அபராதத்தோடு மேலும் நான்கு மாதம் தருகிறது. 47-ஆம் பிரிவின்படி பதிவான பத்திரம், பதிவான நாளிலிருந்து அல்லாமல் எழுதிய நாளிலிருந்தே செயல்படும்.

இதன் விளைவு கடுமையானது. ஜனவரியில் ஒருவருக்குக் கிரையம் எழுதிக் கொடுத்தவர், அது தாக்கலாகும் முன் பிப்ரவரியில் இன்னொருவருக்கு எழுதி அன்றே பதிந்தும் தருகிறார். முதல் பத்திரம் ஏப்ரலில் பதிவாகிறது. பிப்ரவரியில் வாங்கியவர் அன்று காலை எடுத்த சான்றில் எதுவும் இருந்திருக்காது. ஆனாலும் முந்தியவர் ஜனவரியில் வாங்கியவர்தான். வாங்கும் நாளன்று எடுத்த சான்று கடைசிச் சில மாதங்களைப் பற்றி முழு உறுதி தராது என்பதற்கு இதுவே காரணம். அந்த இடைவெளியை நிரப்ப அசல் மூலப்பத்திரத்தைக் கையில் வாங்குவதும், நிலத்தில் அனுபவம் யாரிடம் இருக்கிறது என்று நேரில் பார்ப்பதும் தவிர வேறு வழி குறைவு.

9. எந்த எண்ணில், எந்த அலுவலகத்தில்

‘நில் ஈ.சி.’ வந்தால் இரண்டு சாத்தியங்கள். பதிவு எதுவும் இல்லாமல் இருக்கலாம். தேடிய இடம் தவறாகவும் இருக்கலாம். சான்று இரண்டையும் ஒரே வாசகத்தால் சொல்கிறது.

புல எண்கள் நிலையானவை அல்ல. தமிழ்நாட்டில் 1979-இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நிலவுடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் பல மாறின. நகரங்களில் டி.எஸ். எண் வந்தபோது கிராமப் புல எண் பின்னால் போனது. நமது மனை 112/3ஏ-யில் இருக்கிறது. ஆனால் 1995-க்கு முந்தைய பதிவுகள் எல்லாம் 112/3 என்ற எண்ணில் உள்ளன. புதிய உட்பிரிவு எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் 1986 அடமானம் தெரியாமல் போகக்கூடும். பழைய எண், புதிய எண், நகர அளவை எண் என எல்லாவற்றையும் மனுவில் எழுதித் தேடச் சொல்ல வேண்டும்.

அலுவலகமும் அப்படித்தான். புதிய சார்பதிவாளர் அலுவலகங்கள் உருவாகும்போது கிராமங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகின்றன. பழைய புத்தகங்கள் பழைய அலுவலகத்திலேயே இருக்கக்கூடும். பத்திரத்தின் பின்பக்கத்து முத்திரையில் உள்ள அலுவலகப் பெயர் இன்றைய அலுவலகத்தின் பெயரிலிருந்து வேறுபட்டால், அந்தக் காலத்துக்கு அங்கேயும் தேட வேண்டும்.

10. எத்தனை ஆண்டுக்கு

13 ஆண்டுக்கு எடுத்தால் போதும் என்பார் உண்டு. 30 ஆண்டு என்று வங்கிகள் கேட்பதும் உண்டு. இரண்டுக்கும் பின்னால் காலவரையறைச் சட்டம் இருக்கிறது. தனியாருக்கு எதிராக எதிரிடை அனுபவத்தால் உரிமை பெற 12 ஆண்டு. அரசு தன் நிலத்துக்கு வழக்குப் போட 30 ஆண்டு. அடமானத்தை மீட்கவும் 30 ஆண்டு. 13 என்பது முதல் கணக்கில் ஓர் ஆண்டைக் கூட்டி வந்தது. கண்மூடித்தனமாகப் பின்பற்ற இவை எதுவும் தகுதியானவை அல்ல. மேலே கண்ட வரிசையில் 13 ஆண்டுச் சான்று வங்கி ஒப்படைப்பையும் ரசீதையும் செட்டில்மெண்டையும் மட்டும் காட்டியிருக்கும். மகள் விடுபட்ட பாகமும் முகவர் விற்ற கிரையமும் அதற்கு முந்தியவை. தேடும் காலத்தை ஆண்டுக் கணக்கால் தீர்மானிக்காமல், உரிமை தொடங்கிய தாய்ப்பத்திரத்தைக் கொண்டு தீர்மானிப்பதே பொருத்தம்.

பல அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகளை இணையத்தில் தேட முடிகிறது. அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனுச் செய்து, பழைய அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டித் தேடிய கைச்சான்று பெற வேண்டும். 1978 கிரையம் சுட்டும் 1949 பத்திரத்துக்கும் 1975-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தப் புலத்தை யாருக்காவது போக்கியம் வைத்தார்களா, வேறு பாகம் பிரித்தார்களா என்பது அந்தக் கைச்சான்றில்தான் தெரியும்.

11. சான்றில் வராதவை

உயில், வாய்மொழிப் பாகம், ஓராண்டுக்குக் குறைந்த வாடகை, சொத்துவரி நிலுவை ஆகியவை முதல் புத்தகத்தில் இல்லை. நிலுவையில் உள்ள வழக்கும் இல்லை. வழக்கு நடக்கும்போது வாங்குபவர் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் வழக்கு அறிவிப்பைப் பதிய வேண்டும் என்று அந்தப் பிரிவு திருத்தப்பட்டது, தமிழ்நாட்டில் அப்படி இல்லை. மனை 7 எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கே கட்சிக்காரர் பெயரில் தேட வேண்டும்; பெயர்களைத் தருவது வில்லங்கச் சான்றுதான். 1978 முதல் எழுதிக் கொடுத்த, எழுதி வாங்கிய ஒவ்வொருவர் பெயரும், வாரிசுச் சான்றில் மட்டும் உள்ள மகளின் பெயரும் அந்தத் தேடலில் சேர வேண்டும்.

நீதிமன்ற ஏல விற்பனைச் சான்றும் வருவாய்த்துறை ஏல விற்பனைச் சான்றும் 89-ஆம் பிரிவின்படி பதிவகத்துக்கு அனுப்பப்பட்டு முதல் புத்தகத்தில் கோக்கப்படுவதால் அவை சான்றில் வரும். அனுப்பப்படாமல் போனவை வராது. சான்றில் உள்ள ஒவ்வொரு வரியும் அட்டவணைச் சுருக்கம் என்பதால், முக்கியமானவை எல்லாவற்றுக்கும் ஆவண எண்ணைக் கொடுத்துச் சான்றிட்ட நகல் வாங்கிப் படிக்க வேண்டும். செட்டில்மெண்டில் ஆயுள்கால அனுபவ உரிமை யாருக்காவது ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதும், 2006 கிரையம் எந்தப் பவரின் அடிப்படையில் எழுதப்பட்டது என்பதும் நகலில் உண்டு, சுருக்கத்தில் இல்லை.